72.5-ல நின்னுபோன ஸ்க்வாட்

இது என் கிட்ட ட்ரெயினிங் எடுக்குற ஒரு அக்காவோட கேஸ், அவங்க கிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன், பேர் மட்டும் வேணாம்னு சொல்லிட்டாங்க. இதுல பாதி தப்பு என்னோடது, அதையும் சேர்த்தே எழுதிடுறேன்.

அவங்களுக்கு 36 வயசு, எடை 61 கிலோ, சென்னைல ஐடி வேலை, ஆறாவது படிக்குற ஒரு பொண்ணு. போன வருஷம் ஜனவரில ஸ்க்வாட்டுக்கு வெறும் 20 கிலோ பாரை முதுகுல வச்சப்பவே கால் நடுங்குச்சு. 13 மாசத்துல அங்கேருந்து 70 கிலோல அஞ்சு செட், செட்டுக்கு அஞ்சு ரெப்ங்குற இடத்துக்கு வந்துட்டாங்க, ஒரு நாள் கூட லீவு போடாத ஆளு. எங்க ஜிம்ல 1.25 ப்ளேட் ரெண்டே ரெண்டு தான் இருக்கு, அவங்க வர்ற நேரத்துக்கு முன்னாடியே நான் அதை எடுத்து ரேக் பக்கத்துல ஒளிச்சு வச்சிடுவேன், ஏன்னா வாரா வாரம் 2.5 கிலோ ஏத்துறது தான் அப்போ எங்க பொழப்பு.

பிப்ரவரி ரெண்டாவது வாரம் 72.5 போட்டோம். நோட்ல பாத்தா அஞ்சு செட்ல வந்த ரெப் 5, 5, 5, 4, 3-னு இருக்கு. பரவால்ல அடுத்த வாரம் முடிச்சிடலாம்னு விட்டோம். அடுத்த வாரம் 5, 5, 4, 4, 3. அதுக்கடுத்த வாரமும் கிட்டத்தட்ட அதே தான். மார்ச்ல ரெண்டு தடவை டீலோட் பண்ணேன், அதாவது எடைய பத்து சதவீதம் குறைச்சு 65-லேருந்து திரும்ப ஏறி வர்றது, ரெண்டு தடவையும் கரெக்டா அதே 72.5-ல வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு.

ஒரு லிஃப்ட் இப்படி நின்னா எல்லாரும் முதல்ல ஃபார்ம் மேல தான் பழிய போடுவாங்க, நானும் அதையே செஞ்சேன். கடைசி ரெப்ல அவங்களுக்கு இடுப்பு மட்டும் முன்னாடி மேல போயிடும், நெஞ்சு கீழயே இருக்கும், பாக்குறதுக்கு பாதி ஸ்க்வாட், பாதி பாரை முதுகுல வச்சு குனிஞ்சு நிமிர்ற குட்மார்னிங் மாதிரி. கால் அகலத்த மாத்துனோம், ஹீல் வச்ச ஷூ வாங்குனாங்க, அதுவே அஞ்சாயிரம் ரூபா கிட்ட ஆச்சு, பெல்ட்ட ஒரு ஓட்டை இறுக்குனோம். ஒண்ணும் அசையல. அப்புறம் சாப்பாட்ட பாத்தோம், எடை குறையல, முட்டை பருப்பு தயிர் பவுடர் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு நூறு கிராம் கிட்ட புரோட்டீன் போகுது, அங்கயும் ஓட்டை இல்ல. நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு இரும்புச்சத்து குறைச்சல் சர்வசாதாரணம், அதனால ரத்தம் எடுக்க சொன்னேன், ஹீமோகுளோபின் 12.4, தைராய்டும் சரி. இந்த டெஸ்ட்ட மட்டும் யாரும் தாண்டிப் போகாதீங்க, ரத்தசோகை இருந்தா நீங்க புரோகிராம மாத்தி மாத்தி எழுதி புண்ணியமே இல்ல.

இப்போ என் தப்புக்கு வர்றேன். ஏப்ரல் மாசம், வால்யூம், அதாவது மொத்த செட் எண்ணிக்கை பத்தல, அதான் ஏற மாட்டேங்குதுன்னு முடிவு பண்ணேன். திங்கள் ஸ்க்வாட் அஞ்சு செட், லெக் பிரஸ் நாலு, லஞ்சஸ் மூணு. புதன் கீழ ரெண்டு செகண்ட் நிறுத்தி எழும்புற பாஸ் ஸ்க்வாட் அஞ்சு, லெக் எக்ஸ்டென்ஷன் மூணு. வெள்ளி திரும்ப திங்கள்கிழமை மாதிரியே பன்னெண்டு. கூட்டிப் பாத்தா வாரத்துக்கு 32 செட், தொடைக்கு மட்டும். எழுதும்போது நோட்டு ரொம்ப கம்பீரமா இருந்துச்சு. மூணே வாரத்துல 72.5 போய் 70-லயே நாலாவது ரெப்ல எழும்ப முடியாம ரேக்ல பாரைத் தாங்குற சேஃப்டி கம்பி மேல உக்காந்துட்டாங்க.

அந்த சமயத்துல அவங்க சொன்ன ஒரு விஷயத்த நான் காதுல வாங்கிக்கவே இல்ல. "மாஸ்டர், கடைசி செட்டு கஷ்டமா இருக்குன்னா சரி, எனக்கு வார்ம்-அப்ல 50 போடும்போதே அறுபது மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் அதெல்லாம் மனசு அக்கா, ரேக்ல ஏறுங்கன்னுட்டேன். உண்மைல அது தான் மொத்த கேஸுக்கும் சாவி. பலம் பத்தாதவங்களுக்கு கடைசி செட், கடைசி ரெப் தான் திணறும், முதல் செட் சுத்தமா போகும். களைப்பு சேந்து போனவங்களுக்கு வார்ம்-அப்பே கனக்கும், முதல் செட்டோட முதல் ரெப்பே மெதுவா வரும். இத வீடியோல பாத்தா இன்னும் தெளிவா தெரியும், அவங்க எல்லா செட்டையும் போன்ல எடுக்குற பழக்கம் உள்ளவங்க, பின்னாடி நான் உக்காந்து பாத்தப்போ பிப்ரவரி முதல் வாரம் 60 கிலோல முதல் ரெப் கீழேருந்து மேல வர ஒரு செகண்டுக்கு கொஞ்சம் மேல, ஏப்ரல் கடைசில அதே 60, அதே பார், ரெண்டு செகண்ட் கிட்ட எடுக்குது. எடை மாறல, ஃபார்ம் மாறல, வேகம் மட்டும் செத்துப் போச்சு.

மே மாசம் அவங்க அம்மாவுக்கு கண்ணுல புரை ஆபரேஷன், லீவு போட்டுட்டு பொண்ணையும் கூட்டிக்கிட்டு கும்பகோணம் பக்கம் ஊருக்குப் போயிட்டாங்க. ஒன்பது நாள். ஜிம் இல்ல, ஒரு ஸ்க்வாட் கூட இல்ல. திரும்பி வந்து முதல் நாள், உடம்பு விட்டுப் போயிருக்கும், 60-ல லேசா போடலாம்னு நான் சொன்னா 60 பறக்குது. 70 போட்டோம், அதுவும். 72.5 போட்டா அஞ்சு ரெப், அஞ்சாவது முடிச்சுட்டு ரேக்ல வச்சுட்டு என்னை திரும்பிப் பாக்குறாங்க, "இதுவா நம்மள மூணு மாசம் படுத்துச்சு"ங்குற மாதிரி. அந்த வாரக் கடைசில 75-ல ஒரு அஞ்சு.

ஒன்பது நாள்ல யாருக்கும் புதுசா பலம் வந்துடாது, அதே மாதிரி ஒன்பது நாள்ல பலம் போயிடவும் செய்யாது, ரெண்டு மூணு வாரம் வரைக்கும் பெருசா குறையாதுன்னு தூக்குறவங்க எல்லாருக்கும் தெரியும். அப்போ அந்த 75 ஏற்கனவே உள்ள இருந்த பலம் தான், மேல ஏதோ மூடிக் கிடந்துச்சு, அது விலகிடுச்சு. கிணத்துல ஊத்து ஊறுறதுக்குள்ள இறைச்சுக்கிட்டே இருந்தா வாளில சேறு தானே வரும், அதப் பாத்து கிணத்துல தண்ணியே இல்லன்னு சொல்லி இன்னும் ரெண்டு வாளி சேத்து விட்ட ஆள் நான்.

ஆனா அப்பவும் எனக்குப் புரியலங்குறது தான் கேவலம். நல்லா ரெஸ்ட் எடுத்துட்டீங்க, இனி பிச்சுக்கும்னு அதே 32 செட்ட திரும்பக் கொடுத்தேன். ஜூன்ல ஸ்கூல் தொறந்துச்சு. ரெண்டாவது வாரமே 70-ல மறுபடியும் நாலாவது ரெப்ல நின்னாங்க. அன்னைக்கு தான் பெஞ்சுல உக்கார வச்சு, ஊர்ல என்ன பண்ணீங்க அக்கா, நேரம் நேரமா சொல்லுங்கன்னு கேட்டேன். "என்னத்த பண்றது, ஒன்பது மணிக்கு ஊரே அடங்கிடும், வீட்டுக்குள்ள சிக்னலும் கிடையாது, படுத்தா காலைல ஆறரைக்கு அம்மா காப்பி போட்டுட்டு எழுப்புவாங்க"ன்னாங்க. இங்க எத்தனை மணிக்கு படுப்பீங்கன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ஆறு மணி நேரம் தூங்குறேன் மாஸ்டர்"னாங்க.

ரெண்டு வாரம் தூக்கத்த நோட்ல எழுத சொன்னேன். வாட்ச் எல்லாம் வேணாம், லைட்ட அணைச்ச நேரம், எழுந்த நேரம், நடுவுல முழிச்சா அது, அவ்வளவு தான். அமெரிக்கா டீமோட ஆஃபீஸ் மீட்டிங் கால் ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பிச்சு பன்னெண்டேகாலுக்கு முடியுது. அப்புறம் அந்த காலோட சூடு அடங்க அரை மணி நேரம் போனு. காலைல ஆறு அம்பதுக்கு ஸ்கூல் வேன், டிபன் பாக்ஸ் கட்டணும்னா அஞ்சேகாலுக்கு, சில நாள் இன்னும் முன்னாடியே எந்திரிக்கணும். பதினாலு ராத்திரி சராசரி 5 மணி 10 நிமிஷம், மோசமான ராத்திரி 4 மணி 5 நிமிஷம். அவங்க பொய் சொல்லல, நெஜமாவே ஆறுன்னு தான் நெனச்சிருந்தாங்க.

இதுக்கு ஒரு பேர்போன ஆராய்ச்சி இருக்கு, 2003-ல வான் டாங்கன் குழு அமெரிக்கால பண்ணது. தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்க விட்டு ரெண்டு வாரம் வச்சுப் பாத்தாங்க, கவனம் ஞாபகம் சம்பந்தப்பட்ட டெஸ்ட்ல அவங்க நிலைமை முழு ராத்திரி கண்ணு முழிச்சவங்க அளவுக்கு இறங்கிடுச்சு. ஆனா உங்களுக்கு தூக்கம் வருதான்னு கேட்டா கொஞ்சம் தான்னு சொல்றாங்க. அதாவது பழகிப்போச்சுன்னு நமக்குத் தோணும், உடம்பு பழகியிருக்காது. இவங்களும் அதே தான் சொன்னாங்க, கல்யாணம் ஆனதுலேருந்து இப்படித்தான், பழகிப்போச்சுன்னு.

பார் விஷயத்துக்கு இன்னும் நேரடியான ஒண்ணு 1994-ல ரைலியும் பியர்சியும் பண்ணது, எட்டே பேர், மூணு ராத்திரி தொடர்ந்து மூணு மணி நேரம் தான் தூக்கம். பைசெப்ஸ் கர்லோட அதிகபட்ச எடைல பெருசா ஒண்ணும் ஆகல, பெஞ்ச், லெக் பிரஸ், டெட்லிஃப்ட் எல்லாம் இறங்குச்சு. இன்னொண்ணு, ஒரு தடவை முழு பலத்தோட தூக்குறதை விட, நடுத்தர எடைய திரும்பத் திரும்ப தூக்குற வேலை தான் சீக்கிரம் அடி வாங்குச்சு. நான் கொடுத்த 32 செட் எல்லாமே அந்த வகை வேலை தான்னு யோசிச்சுப் பாருங்க. மூணு மணி நேரத் தூக்கம்ங்குறது ரொம்ப கடுமை, அஞ்சு மணி நேரக்காரங்களுக்கு அத அப்படியே பொருத்த முடியாது தான், ஆனா எந்தப் பக்கம் சாயும்னு காட்டுது.

தூக்கத்த உடனே மாத்த முடியல, கால் நேரம் அவங்க கைல இல்ல. அதனால ஜூன் கடைசில என் கைல இருந்தத மாத்துனேன், செட்ட வெட்டுனேன். திங்கள் 72.5 மாதிரி கனமான ஒரு செட் அஞ்சு ரெப், அப்புறம் பத்து சதவீதம் குறைச்சு ரெண்டு செட், லெக் பிரஸ் ரெண்டு, முடிஞ்சுது வீட்டுக்குப் போங்க. வியாழன் லேசான பாஸ் ஸ்க்வாட் மூணு, லெக் பிரஸ் ரெண்டு. வாரத்துக்கு பத்து செட். எந்த செட்லயும் இனி முடியாதுங்குற வரைக்கும் போகக்கூடாது, இன்னும் ரெண்டு ரெப் போகும்ங்குற இடத்துல நிறுத்திடணும், கனமான செட்ல மட்டும் ஒண்ணு மிச்சம் இருந்தா போதும்.

இத சொன்னதும் அவங்க மூஞ்சி மாறிப்போச்சு. "என்ன மாஸ்டர், ஃபீஸ் அதே தானே, வேலை மட்டும் மூணுல ஒண்ணா"ன்னாங்க. நியாயமான கேள்வி தான், வியர்வைய வச்சு தானே நாம ஒர்க்கவுட்ட மதிப்பு போடுறோம். 2019-ல ஷோன்ஃபெல்ட் குழு பண்ண ஒரு ஆராய்ச்சிய சொன்னேன், ஏற்கனவே ட்ரெயினிங் பண்ற ஆம்பளைங்கள எட்டு வாரம், வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு எக்ஸர்சைஸ்லயும் ஒரு செட், மூணு செட், அஞ்சு செட்னு பிரிச்சு விட்டாங்க. தசையோட சைஸு செட் கூடக் கூட கூடுச்சு, ஆனா ஸ்க்வாட்லயும் பெஞ்ச்லயும் பலம் மூணு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு தான் ஏறுச்சு. எல்லாம் ஆம்பளைங்க, எட்டே வாரம், அந்த வரம்ப மறக்கக் கூடாது. ஆனா பாதி செட்ட விட்டா பலம் ஓடிப்போயிடும்ங்குற பயத்துக்கு இது போதுமான பதில்.

தூக்கம் அதே அஞ்சு மணி நேரம், செட் மட்டும் பத்து. ரெண்டு வாரத்துல 72.5 அஞ்சு ரெப் சுத்தமா வந்துடுச்சு, மூணாவது வாரம் 75 அஞ்சு. சரி விஷயம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் 75 நாலு, அதுக்கடுத்த வாரமும் நாலு. அதாவது செட்ட குறைச்சது சேந்திருந்த பழைய கடன அடைச்சுது, மேல போறதுக்கு கைல காசு இல்ல.

ஜூலை கடைசில தான் தூக்கத்துல கை வச்சோம், இதுல நான் செஞ்சது கம்மி, அவங்க வீட்டுல செஞ்சது தான் அதிகம். மேனேஜர் கிட்ட பேசி வாரத்துல மூணு நாள் அந்த மீட்டிங்க காலை பத்து மணிக்கு மாத்திக்கிட்டாங்க. அந்த மூணு நாளும் அண்ணன், அதாவது அவங்க வீட்டுக்காரர், டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டார், முதல் வாரம் மூணு நாளும் லெமன் சாதம்னு பொண்ணு புகார், இருக்கட்டும். அப்புறம் சாயங்காலம் ஆறேகாலுக்கு ஜிம்முக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் காப்பியும் ஒரு ஸ்கூப் ப்ரீ-ஒர்க்கவுட்டும் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அந்த ஸ்கூப்ல மட்டும் 200 மில்லிகிராம் காஃபின்னு டப்பாலயே இருக்கு. படுக்குறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் குறையுதுன்னு 2013-ல பாத்திருக்காங்க. இவங்களுக்கு அந்த அளவு இல்ல, ஆனா நாலே மணி நேரத்துல படுக்கணும்னா இதுவும் முழிக்க வைக்கும். பவுடர நிறுத்துனோம், காப்பிய மதியம் ரெண்டு மணிக்குத் தள்ளுனோம். பவுடர் இல்லாம முதல் வாரம் பார் பாறாங்கல்லு மாதிரி இருக்குன்னாங்க, உண்மை தான், அவ்வளவு நாளும் களைப்ப அது மறைச்சு வச்சிருந்துச்சு.

ஆகஸ்ட் முதல் ரெண்டு வாரம் எழுதுன கணக்கு சராசரி 6 மணி 50 நிமிஷம். எட்டு இல்ல, இந்த வீட்டு நிலைமைல எட்டு வராது, அதுக்காக அவங்கள திட்டவும் எனக்கு வாயில்ல. ஆகஸ்ட் நடுவுல 75 அஞ்சு ரெப், மாசக் கடைசில 77.5 அஞ்சு. செட்டு அதே பத்து தான்.

இங்க ஒரு கேள்வி வரும், செட்ட குறைச்சதா தூக்கத்த கூட்டுனதா எது வேலை செஞ்சுதுன்னு. ரெண்டையும் ஒரே ஆள் மேல அடுத்தடுத்து மாத்துனா பிரிச்சு சொல்ல முடியாது, ஆனா செப்டம்பர்ல தானா ஒரு டெஸ்ட் நடந்துச்சு. பொண்ணுக்கு காலாண்டுப் பரீட்சை, ஆஃபீஸ்ல ரிலீஸ், அண்ணன் பெங்களூர்ல. பத்து நாள் தூக்கம் சராசரி அஞ்சேகால் மணிக்கு விழுந்துச்சு. ப்ரோகிராம்ல ஒரு செட் கூட மாத்தல. 77.5-ல மூணாவது ரெப்போட ரேக்ல வச்சுட்டாங்க, 60 கிலோ வார்ம்-அப் வீடியோ ஏப்ரல் மாதிரியே மெதுவா இருந்துச்சு. ரிலீஸ் முடிஞ்சு தூக்கம் திரும்புன ஒன்றரை வாரத்துல 77.5 திரும்பிடுச்சு. அக்டோபர் கடைசி வாரம் 80, அஞ்சு ரெப். ஒரு பக்கத்துக்கு ஒரு இருபது, ஒரு பத்து, அந்த குட்டி 1.25-க்கு வேலையே இல்ல, அது தான் அவங்களுக்கு 80-ஐ விட பெரிய சந்தோஷம்.

நவம்பர்ல நாலு செட் திரும்ப சேத்துப் பாத்தோம், இப்போ பதினாலு, இதுவரைக்கும் தாங்குது. அதனால எல்லாரும் பத்து செட் பண்ணுங்கன்னு இதப் படிச்சுட்டு கெளம்பிடாதீங்க, எட்டு மணி நேரம் தூங்குற இருபத்திரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் எங்க ஜிம்லயே வாரத்துக்கு இருபது செட் போட்டு நல்லா ஏறிக்கிட்டு தான் இருக்கான். அதே மாதிரி தூக்கம் சரியா இருந்தும், வார்ம்-அப் லேசா இருந்தும், கடைசி ரெப்ல மட்டும் மாசக்கணக்கா முட்டுறவங்களுக்கு செட்ட கூட்டுறது தான் சரியா இருக்கலாம், இந்த கேஸ் அவங்களோடது இல்ல.

இப்போ நாங்க நடைமுறைல வச்சிருக்குறது ரொம்ப சின்ன விஷயம். நோட்ல தேதிக்குப் பக்கத்துல முதல்ல எழுதுறது ராத்திரி தூக்கம், அப்புறம் தான் எடை. தொடர்ந்து ரெண்டு ராத்திரி அஞ்சரைக்கு கீழ இருந்தா அன்னைக்கு கனமான செட் கிடையாது, 60-ல மூணு செட் போட்டுட்டு கெளம்பிடணும். 60-ல முதல் ரெப்ப போன்ல எடுத்துப் பாப்போம், ஒன்றரை செகண்டுக்கு மேல போனா தூக்கக் கணக்கு என்னவா இருந்தாலும் அதே ரூல். போன புதன் ராத்திரி அக்கா மெசேஜ் போட்டிருந்தாங்க, நாளைக்கு வரல மாஸ்டர், பொண்ணுக்கு காய்ச்சல், நேத்தும் தூங்கலன்னு. முன்னாடின்னா அடுத்த நாள் வந்து ரெண்டு நாளுக்கும் சேத்து போட்டுட்டு போயிருப்பாங்க, நானும் போட வச்சிருப்பேன். வெள்ளிக்கிழமை வந்து 60-ல மூணு செட் போட்டாங்க, இருபத்தஞ்சு நிமிஷத்துல பையத் தூக்கிட்டு கெளம்பிட்டாங்க.